வெயில் அலர்ஜி இல்லண்ணே, சிமெண்ட்

கொஞ்சம் நீண்ட பதிவு. கட்டட வேலை செய்பவர்களும் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் மேஸ்திரிகளும், இப்போ வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

பாரிவாக்கம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு வீடாவது பில்லர் மட்டத்தில் நிற்கிறது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் கிளினிக்கில் கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பலர் சைட்டிலிருந்து நேராக வருகிறவர்கள்தான்.

அப்படி வந்தவர் ஒரு கொத்தனார். வயது 40-க்கு மேல். 18 வருஷமாகப் பூச்சு வேலை.

"சார், எனக்கு வெயில் ஒத்துக்கல. சூட்டு உடம்பு. வெயில்ல நின்னா கை, கழுத்து, மூஞ்சி எல்லாம் அரிக்குது. வெயில் அலர்ஜிக்கு ஒரு க்ரீம் எழுதிக் குடுங்க."

கையைப் பார்த்தேன். புறங்கைத் தோல் தடித்து, விரல் மடிப்புகளில் வெடிப்பு. மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து பொரிப்பொரியாக நீர் கோத்திருந்தது. காலில், கம்பூட்ஸின் வாய் உரசும் இடத்தில் ஒரு வளையம். முகத்தில் மேல் இமை, காதுக்குப் பின்புறம், கழுத்து மடிப்பு.

இந்தக் கடைசி மூன்று இடங்களைக் கவனியுங்கள். வெயிலால் வரும் ஒவ்வாமை வெயில் படுகிற இடத்தில்தான் வரும். நெற்றி, மூக்கு, கன்னம், சட்டைக் காலர் திறந்திருக்கும் இடம், முழங்கைக்குக் கீழே. கண் இமைக்கு மேலே, தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால் வெயில் நேரடியாகப் படாது, அந்த இடங்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். தூசி அப்படி இல்லை. அது நிழலிலும் போய் உட்காரும், மடிப்புகளுக்குள் வியர்வையோடு சேர்ந்து தங்கும். கால் வளையத்துக்கோ வெயிலோடு சம்பந்தமே இல்லை, அது பூட்ஸுக்குள் இருந்தது.

"வெயில் இல்லண்ணே, சிமெண்ட்" என்றேன்.

"பதினெட்டு வருஷமா வராதது இப்ப எப்படி சார் வரும்?"

நியாயமான கேள்வி. பதிலை இரண்டு பாகமாகச் சொல்கிறேன்.

முதலாவது, சிமெண்டின் காரம். தண்ணீர் பட்டதும் சிமெண்டிலிருந்து வருவது நம்ம வெற்றிலைச் சுண்ணாம்பேதான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப் போனால் வாய் வெந்துபோகுமே, அதே வேலையைத்தான் அது கையிலும் செய்கிறது, மெதுவாக. நம் தோலின் பிஎச் சுமார் 5.5. ஈரச் சிமெண்டின் பிஎச் 12-லிருந்து 13. ஒரு எண் ஏறினால் காரம் 10 மடங்கு ஏறும் கணக்கு இது. 5.5-லிருந்து 12.5-க்குப் போனால் ஒரு கோடி மடங்கு!

மூட்டையைப் பிரிக்கும்போது பறக்கும் காய்ந்த தூளை விட, அது வியர்வையில் நனைந்தபின் செய்யும் சேதம்தான் அதிகம். சித்திரை, வைகாசியில் கேஸ்கள் கூடுவதைப் பார்த்துத்தான் நம்ம ஆட்கள் "வெயில் ஒத்துக்கல" என்ற முடிவுக்கு வருகிறார்கள். பாதி சரிதான். வெயில் வியர்வையைக் கொடுக்கிறது, வியர்வை தூசியை ஈரச் சிமெண்டாக்குகிறது. கழுத்தில் கிடக்கும் துண்டால் அழுத்தித் துடைக்கும்போது மணலும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது. தோலின் எண்ணெய்ப் பசை போய், வெடிப்பு விழுகிறது.

இரண்டாவது, குரோமியம். சிமெண்ட் செய்யும் மூலப்பொருட்களில் துளியளவு இருக்கும். சூளையின் சூட்டில் அதில் ஒரு பகுதி ஆறிணைதிறன் குரோமியம் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. இது தண்ணீரில் கரையும், வெடித்த தோல் வழியாக உள்ளே போகும். வருஷக்கணக்கில் சும்மா இருந்த உடம்பு ஒருநாள் அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்ளும். அது ஆறு மாதத்திலும் நடக்கலாம், 18 வருஷம் கழித்தும் நடக்கலாம். ஒருமுறை வைத்துவிட்டால் அந்த ஞாபகம் அநேகமாக ஆயுசுக்கும் போகாது.

காரத்தால் வந்த புண் கையைப் பாதுகாத்தால் ஆறிவிடும். குரோமிய அலர்ஜி வந்தவரோ கொஞ்சம் சிமெண்ட் பட்டாலும் மறுபடி அரிக்க ஆரம்பிப்பார். அதனால்தான் முதல் நிலையிலேயே பிடிக்க வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

அவர் அதுவரை என்ன வைத்தியம் பார்த்தார்? வேலை முடிந்ததும் துணி சோப்பு போட்டு, மணலால் தேய்த்துக் கழுவியிருக்கிறார். பெயிண்ட் பட்ட நாளில் தின்னர். துணி சோப்பே காரம், தின்னர் மிச்ச எண்ணெயையும் உருவிவிடும். பிறகு மெடிக்கலில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்கிய ட்யூப். அதில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தது.

போட்டவுடன் கேட்டிருக்கும், சந்தேகமில்லை. இந்த நோய்க்கு ஸ்டீராய்டு சரியான மருந்துதான், நானும் எழுதுவேன். ஆனால் கைக்கு, அளவாக, குறிப்பிட்ட நாள் வரைக்கும். அதே ட்யூபை முகத்துக்கும் இடுப்பு மடிப்புக்கும் போட்டால் தோல் மெலிந்துபோகும். இடுப்பில் இருந்தது படர்தாமரை என்றால் அரிப்பு அடங்கிய மாதிரி இருந்து, அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே போகும். 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டவணை H-க்குள் கொண்டுவந்தார்கள். கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

(இன்னொன்று. விரல் இடுக்கில் அரிப்பு, ராத்திரியில் அதிகம், ஷெட்டில் கூடப் படுப்பவருக்கும் அரிக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. சிமெண்ட் அலர்ஜி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.)

இவருக்கு ராத்திரி ஒரு வேளை ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் இரண்டு வாரம், ஒவ்வொரு முறை கை கழுவியதும் வாசலின், மூன்று வாரம் சிமெண்ட் பக்கம் போகக்கூடாது என்று எழுதினேன். கை நன்றாக ஆறியது. வேலைக்குப் போன நாலாவது நாள் பழைய கையோடு வந்து நின்றார்.

அப்புறம்தான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பினேன். முதுகில் சின்னச் சின்ன மருந்துகளை ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. கட்டட வேலைக்காரருக்கு இதன் அர்த்தம் நாலு நாள் கூலி போச்சு என்பதுதான். இலவசப் பரிசோதனை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பொட்டாசியம் டைக்ரோமேட் ஒட்டிய இடம் சிவந்து தடித்திருந்தது. குரோமியம்தான்.

இப்போது கிளவுஸ் விஷயம். "கிளவுஸ் போடச் சொன்னீங்க, போட்டேன், இன்னும் மோசமாச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது துணி கிளவுஸ். துணி, சிமெண்ட் பாலை உறிஞ்சிக் கையோடு ஒத்தடம் மாதிரி வைத்துக்கொள்ளும். வெறும் கையே மேல். தோல் கிளவுஸும் வேண்டாம், அதைப் பதப்படுத்துவதே பெரும்பாலும் குரோமியத்தில்தான். வேண்டியது முழங்கை வரை வரும் நைட்ரைல் அல்லது ரப்பர் கிளவுஸ், வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தி உறை. கழற்றும் முன் வெளிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் சிமெண்ட் பால் வழிந்து பூட்ஸுக்குள் தேங்கும்.

கரணை பிடிக்க கிளவுஸ் தோதுப்படாது என்று கொத்தனார்கள் சொல்வது உண்மை. நுணுக்கமான பூச்சில் அவர்கள் கழற்றத்தான் செய்வார்கள். அதனால் என் வாதம் கிளவுஸைப் பற்றியது இல்லை, தண்ணீரைப் பற்றியது.

எந்த சைட்டிலும் ஒரு டிரம் இருக்கும். கரணை, மட்டப்பலகை, சட்டி எல்லாம் அதில்தான் கழுவுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கையும் அதில்தான். அந்தத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர்! ஒரு நாளைக்கு மூன்று முறை கை கழுவுகிறேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. மூன்று முறையும் காரத்தில் கழுவியிருக்கிறார்.

நான் கேட்பது, கருவி கழுவ ஒரு டிரம், கை கால் முகம் கழுவத் தனியாகக் குழாய் வைத்த மூடிய டிரம். பக்கத்தில் ஒரு குளியல் சோப்பு. டீ நேரம், சாப்பாட்டு நேரம், வேலை முடியும்போது என மூன்று முறை கழுவி, ஒத்தித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ. வேலைக்கு முன்னால் எண்ணெய் தடவிக்கொண்டு போவது சிமெண்டைத் தடுக்காது, கழுவிய பின் தடவுவதுதான் பலன். மதியம் மாற்ற இன்னொரு சட்டை. இதற்கு மேஸ்திரிக்கு ஆகும் செலவு அவர் ஒருநாள் வீணாக்கும் கலவையின் விலைகூட வராது.

சன்ஸ்க்ரீன் பற்றி எப்படியும் கேட்பீர்கள். வியர்த்து ஊற்றும் வேலையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டிய ஒன்றை இவர்களுக்கு முதல் மருந்தாக நான் எழுத மாட்டேன். முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைக்குத் துணியும் வெயிலையும் தடுக்கும், தூசியையும் தடுக்கும்.

ஒரே ஒரு அவசரம் மட்டும் தனியாக. கான்கிரீட் போடும்போது பூட்ஸுக்குள் கலவை போனாலோ, ஈரத்தில் முட்டி போட்டு வேலை செய்தாலோ, அப்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் எரியும், அதற்குள் தோல் ஆழமாக வெந்திருக்கும். வலிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே பூட்ஸையும் துணியையும் கழற்றி, ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிஷமாவது காட்டுங்கள். கொப்புளமோ கருப்போ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

குரோமியத்தை மூட்டையிலேயே அடக்க வழி இருக்கிறது. சிமெண்டில் கொஞ்சம் ஃபெரஸ் சல்பேட் சேர்த்தால் அது தோலைத் தாக்காத வடிவத்துக்கு மாறிவிடும். ஃபெரஸ் சல்பேட் வேறொன்றுமில்லை, கர்ப்பிணிகளுக்கு நாம் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பதுதான். டென்மார்க் 1980-களிலேயே இதைச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லிருந்து, கரையும் குரோமியம் 10 லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. மூட்டை பழசானால் அந்த மருந்தின் வீரியம் குறையும் என்பதால் அங்கே மூட்டையிலேயே கெடு தேதி போடுகிறார்கள். என் தெருவில் இறங்கும் மூட்டைகளில் அப்படியொரு குறிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. காரம் இதனால் குறையாது, கழுவத்தான் வேண்டும். ஆனால் ஆயுசுக்கும் வரும் அலர்ஜியைக் குறைக்கலாம்.

அந்தக் கொத்தனார் இப்போது கம்பி கட்டும் வேலைக்கு மாறிவிட்டார். டைல்ஸ் ஒட்டப் போகிறேன் என்றுதான் முதலில் கேட்டார். அதிலும் சிமெண்ட் கலவைதான் என்று தடுத்தேன். கை ஆறிவிட்டது, வெடிப்பு இல்லை. 18 வருஷ கொத்தனார் புது வேலையில் கத்துக்குட்டி என்பதால் கூலி குறைவு. போன வாரம் வந்தபோது கையைக் காட்டிவிட்டு, "என் பையனும் சித்தாளா சேர்ந்திருக்கான் சார், அவனுக்கு என்ன கிளவுஸ் வாங்கட்டும்?" என்று கேட்டார். நீளக் கை நைட்ரைல் என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே மேஸ்திரியின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன், அந்த இரண்டாவது டிரம்முக்காக.