ஒட்டுப்போட்ட பேச்சு

பேசுபவரின் முகம் சட்டெனத் துள்ளினால் பதிவு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்பவர் தலையாட்டும் காட்சியைச் செருகினால் அந்தத் துள்ளல் மறையும். புணே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு பயில்வோருக்கு இது தெரிந்த உத்திதான். அப்போது காதுதான் துணை. மூச்சு பாதியில் அறுபடும். பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல் திடீரென மாறும்.

தேர்ந்த ஒட்டு காதையும் ஏய்த்துவிடும். 2021 ஜனவரி 6-இல் டிரம்ப் ஆற்றிய உரையில், நாடாளுமன்றத்துக்கு நடப்போம் என்றதும் போராடுவோம் என்றதும் 50 நிமிடங்களுக்கும் மேலான இடைவெளியில் வந்தவை. பி.பி.சி. 2024-இல் அவற்றை ஒரே பேச்சாக ஒட்டியது. எம்.பி.க்களை உற்சாகப்படுத்தவே செல்கிறோம் என்ற சொற்கள் உதிர்ந்தன. 2025 நவம்பரில் அதன் தலைமை இயக்குநர் பதவி விலகலை அறிவித்தார்.

நேரம் கருதிச் சுருக்குவது குற்றமல்ல. பொருள் திரிந்ததா என்பதை வெட்டப்படாத மூலப் பதிவே காட்டும். சர்ச்சை எழுந்தால் அதை வெளியிடத் தொலைக்காட்சிகள் தயங்கக்கூடாது.