எல்லாப் படபடப்பும் "கேஸ்" இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்ட பிறகு நெஞ்சு படபடக்கிற ஆட்கள் வீட்டில் இருந்தால், பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

என் ராத்தாவின் கணவருக்கு 59 வயது. பிரஷரும் சீனியும் இருக்கிறது. ஐந்து மாதமாக, இரவில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும். கூடவே நெஞ்செரிவும் புளித்த ஏப்பமும் வரும். "கேஸ்தான் மச்சான், ஒரு சோடா குடிச்சா சரியாப் போகும்" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பாமசியில் வாங்கிய கேஸ் மாத்திரையைப் போட்டார். எரிவு குறைந்தது. அதனால் படபடப்பும் கேஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். இரண்டு முறை காலையில் போய் ஈசிஜி எடுத்தார். இரண்டும் நோர்மல்.

ஒரு வலீமா முடிந்து வந்த இரவு, 10 மணிக்கு மேல், மறுபடியும் தொடங்கியது. அன்றைக்கு என்னவோ அவருடைய கையைப் பிடித்து நாடியைப் பார்த்தேன். இரண்டு அடி வேகமாக வரும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு மூன்று அடி, அதில் ஒன்று மிக மெலிதாக. எந்த ஒழுங்கும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படபடப்பு நிற்பதற்கு முன்னமே ஈசிஜி எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலை அது. அப்படி நடுங்கும்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய்ப் பாரிசவாதத்தை உண்டாக்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. மச்சானுக்குப் பிரஷரும் சீனியும் இருப்பதால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அவருக்கு நெஞ்செரிவும் உண்மைதான், இதயத் தாளக் கோளாறும் உண்மைதான். ஒன்று மற்றதை மறைத்துவிட்டது. எரிவு குறைந்ததை வைத்துப் படபடப்பின் காரணத்தை நாங்கள் தீர்மானித்ததுதான் பிழை.

நம்ம ஊர்களில் "கேஸ்" என்ற ஒரு சொல்லில் எல்லா நெஞ்சு வருத்தத்தையும் அடக்கிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக ஏப்பம் வந்தாலே கொழும்புக்கு ஓடி ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின் வரும் படபடப்பில் பெரும்பகுதி ஆபத்தில்லாததுதான். வயிறு நிறைந்தால் குடலுக்குக் கூடுதல் இரத்தம் தேவை, அதற்காக இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். உப்பிய வயிறு மேலே தள்ளுவதாலும், அமிலம் தொண்டைப்பக்கம் ஏறுவதாலும், இடப்பக்கம் சரிந்து படுப்பதாலும் சாதாரண துடிப்பே பெரிதாகத் தெரியும்.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? "சாப்பிட்ட பிறகுதானே வந்தது" என்பது அடையாளமாகாது. நிறையச் சாப்பிடுவது சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனையே தூண்டிவிடும். "ஏப்பம் விட்டதும் நின்றது" என்பதும் அடையாளமாகாது. இதை நான் டொக்டரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதயம் திடீரென்று 150க்கு மேல் ஓடத் தொடங்கும் ஒரு வகைக் கோளாறு இருக்கிறது. இளம் ஆட்களுக்கும் வரும். முக்குவது, வாந்தி எடுப்பது, குளிர்ந்த தண்ணீர் குடிப்பது எல்லாம் வேகஸ் என்ற நரம்பைத் தூண்டும், அந்த நரம்பு ஓட்டத்தை நிறுத்திவிடும். சோடா குடித்து நின்றால் நாம் கேஸ் போனது என்கிறோம். உண்மையில் நின்றது இதயக் கோளாறாகவும் இருக்கலாம்.

நம்பக்கூடியது நாடிதான். படபடப்பு இருக்கும்போதே பாருங்கள். பெருவிரலின் கீழே, மணிக்கட்டின் உட்புறத்தில், மற்றக் கையின் நடுவிரல்கள் இரண்டை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே துடிப்பு இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு டிரம் அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரம் ஒழுங்காக, கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, 90 அல்லது 100 அளவில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது, புளித்த ஏப்பமும் கூட இருக்கிறது என்றால், கேஸ் என்று நினைக்க நியாயம் உண்டு.

ஒழுங்கான தாளத்தில் இடைக்கிடை ஒரு அடி விடுபட்டு, அடுத்த அடி "தொம்" என்று பலமாக விழுந்தால், அது முந்திக்கொண்டு வரும் ஒரு துடிப்பு. இதயம் நல்ல நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடிக்கடி வந்தால் காட்டுங்கள்.

சுவிச்சைப் போட்ட மாதிரித் திடீரென்று தொடங்கி, எண்ணவே முடியாத வேகத்தில் ஓடி, திடீரென்று நின்றால், அல்லது தாளமே இல்லாமல் குழம்பி அடித்தால், ஒருபோதும் கேஸ் என்று விடாதீர்கள்.

ஈசிஜி பற்றியும் ஒரு விசயம். அது சில விநாடிகளின் பதிவு மட்டுமே. நேற்று இரவு வந்து போனதை இன்று காலை எடுத்த ஈசிஜி காட்டாமல் போகலாம். மச்சானுக்கு நடந்தது அதுதான். படபடப்பு இருக்கும்போதே போய் எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் 24 மணி நேரம் உடலில் மாட்டிவைக்கும் ஹோல்டர் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு அதிலும் அகப்படாமல் போகலாம். அதனால் திகதி, நேரம், நாடி எண்ணிக்கை, ஒழுங்கா குழப்பமா, எப்படி நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.

பாமசியில் சும்மா கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் கவனம். வயிற்று உப்புசத்துக்குத் தரும் டொம்பெரிடோன், வயதானவர்களிலும், எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேரும்போதும், இதயத் தாளத்தையே குழப்பக்கூடியது. டொக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போட வேண்டாம்.

படபடப்போடு நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்கு ஏறும் வலி, மூச்சு முட்டல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், வாய் கோணல், கை கால் பலவீனம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாடி எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பே வெறும் வயிற்றுப் பொருமல் மாதிரி வரலாம்.

கேஸ்தான் என்று உறுதியானவர்கள் இரவுச் சாப்பாட்டை அளவாக்கி, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னமே முடித்துவிடுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அரையடி உயரத்தில் கட்டை வையுங்கள். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம்.

மச்சான் இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள் அவருக்குக் கை விழுந்திருந்தால், "சோடா குடிங்க" என்று சொன்ன ஆள் நான்தான். இன்று இரவு சாப்பிட்டு முடிந்ததும், சும்மா இருக்கும் நேரத்தில், வீட்டுப் பெரியவர்களின் நாடியை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒழுங்கான தாளம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் குழம்பும்போது விளங்கும்.