நிற்கும் தறிக்கு யார் கூலி கொடுப்பது?

ஈக்காட்டுத்தாங்கலில் சட்டை தைத்துக் கொடுக்கும் ஒருவர், 2,000 மீட்டர் காடாத் துணிக்குப் பல்லடத்தில் இரண்டு கொட்டகைகளிடம் விலை கேட்டார். இரண்டிலும் ஒரே நூல், ஒரே பிக், ஒரே அகலம். விலையோ மீட்டருக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம். நூல் வாங்கிய விலையில் ஏதோ வேறுபாடு என்று அவர் நினைத்தார். கணக்கைப் பிரித்துப் பார்த்தால், வேறுபாடு நூலில் இல்லை.

பாவும் ஊடையும் 30-ஆம் நம்பர் நூல். அங்குலத்துக்கு 76 இழை, 68 பிக், துணி அகலம் 50 அங்குலம். பாவில் 3,800 இழை. நெசவில் பாவு வளைந்து போவதால் 100 மீட்டர் துணிக்கு ஏறத்தாழ 108 மீட்டர் பாவு இறங்கும். அந்த 8 மீட்டரைக் கழிவில் எழுதுபவர்கள் உண்டு. அது கழிவில்லை, துணிக்குள்ளேயே இருக்கும் நூல். இப்படிப் பார்த்தால் ஒரு மீட்டர் துணிக்குப் பாவு 81 கிராம். அச்சில் 53 அங்குல அகலத்துக்கு ஓடும் ஊடை 71 கிராம்.

உண்மையான கழிவு இதற்கு மேல் வருவது. பாவில் ஒன்றரை விழுக்காடு, தார்க்கட்டையில் மிஞ்சும் ஊடையில் 4 விழுக்காடு என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு 4 கிராம். நூல் கிலோ 280 ரூபாய் என்று கொண்டால் 1 ரூபாய் 12 காசு. இதைத் துணியை எடைபோட்டுச் சரிபார்க்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: சைசிங்கில் ஏறிய கஞ்சி. பாவு எடையில் 10 விழுக்காடு கஞ்சி என்றால் மீட்டருக்கு 8 கிராம். 156 கிராம் நூல் கொடுத்து 160 கிராம் துணி வந்தால் கழிவே இல்லை என்று தோன்றும். கஞ்சியைக் கழித்தால்தான் காணாமல் போன 4 கிராம் தெரியும்.

இனி தறி. நிமிடத்துக்கு 150 பிக் ஓடும் தறி, 75 விழுக்காடு திறனில், நாள் முழுதும் ஓடினால் சுமார் 60 மீட்டர் நெய்யும். இழை அறுவது, தார் மாற்றுவது, பாவு பிணைப்பது, மின்தடை எல்லாம் அந்த மீதி 25 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டன. அவை துணி விலையில் நியாயமாகச் சேர வேண்டியவை. 24 தறி, 25 நாள் என்றால் மாதம் 36,000 மீட்டர். வாடகை, வட்டி, தேய்மானம், பிட்டர் சம்பளம், மின்சார நிலைக்கட்டணம் சேர்ந்து மாதம் 2,16,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். மீட்டருக்கு 6 ரூபாய் விழுகிறது.

பாவு இல்லாமல் ஆறு தறி நின்றுவிட்டால்? செலவு குறையாது. நெய்வது 27,000 மீட்டராக இறங்கும், மீட்டருக்கு 8 ரூபாய் ஆகும். அதாவது நின்ற தறிகளின் சுமை மாதம் 54,000 ரூபாய். அதே மாதத்தின் நூல் கழிவு சுமார் 30,000 ரூபாய்தான். கீழே கிடக்கும் நூலைக் குனிந்து எடுக்கும் நம் முதலாளிகளில் எத்தனை பேர், தறி நின்ற நாளை ஒரு நோட்டில் எழுதுகிறார்கள்?

ஈக்காட்டுத்தாங்கல்காரர் பார்த்த இரண்டு ரூபாய் இதுதான். ஒருவர் 8 ரூபாயை விலையில் ஏற்றினார், மற்றவர் 6-ஐ. எட்டு போட்டவர் கணக்கில் பொய் இல்லை, ஆனால் கேட்ட இடம் தவறு. ஓடும் 18 தறிகளின் துணி, நிற்கும் ஆறின் கூலியைச் சுமக்க முடியாது. ஆர்டர் கைநழுவி ஏழாவது தறியும் நின்றால் அடுத்த விலை 8 ரூபாய் 47 காசு. ஆகவே அந்த 54,000-ஐ நட்டக் கணக்கில் தனி வரியாக எழுதுங்கள், மீட்டர் விலையில் வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. நூல், சைசிங், நெசவுக் கூலி, மின்சாரம் போக மீட்டருக்கு 3 ரூபாயாவது மிஞ்சும் ஆர்டர் வந்தால், நிற்கும் ஆறு தறிக்கு மட்டும் எடுக்கலாம். மாதம் 9,000 மீட்டரில் 27,000 ரூபாய் திரும்பும், நட்டம் பாதியாகும். ஆனால் அந்த விலை அதே பார்ட்டிக்கு நிரந்தர விலையாகிவிட்டால், தறி நிறைந்த மாதத்திலும் அதே 3 ரூபாயில் நெய்துகொண்டிருப்போம்.

கூலிக்கு நெய்பவருக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடு, மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடு என்று உயர்வு பேசி முடித்தும் அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. பாவு கொடுப்பவர் தாமதித்ததால் நின்ற நாள், கூலித் தகராறில் நின்ற நாள், பழுதால் நின்ற நாள் என்று தறி நோட்டில் காரணத்தோடு பிரித்து எழுதியிருப்பவர்தான், அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் இனத்துக்குக் காத்திருப்புக் கூலி கேட்க முடியும்.