வைசாலியில் முரசு அறைந்தபோது யாரும் வரவில்லை

பெரம்பலூரில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாறு எடுக்கிறேன். பதினாறு மகாஜனபதங்களின் பெயரைக் கேட்டால் அங்கம், மகதம், காசி, கோசலம், வஜ்ஜி, மல்லம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்தப் பதினாறும் எப்படி ஒரே பேரரசுக்குள் போயின என்று கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "சாணக்கியர், அண்ணா."

ஒரு பார்ப்பன அறிஞன் குடுமியை அவிழ்த்துச் சபதம் செய்தான், சிதறிக் கிடந்த தேசம் ஒன்றாகிவிட்டது. தொலைக்காட்சித் தொடர் முதல் வாட்ஸ்அப் பொன்மொழி வரை இந்தக் கதைதான் ஓடுகிறது. இதைக் காலவரிசையே பொய்யாக்கிவிடும். சந்திரகுப்தன் ஆட்சிக்கு வந்தது கி.மு. 321 வாக்கில். அதற்கு முன்பே அங்கத்தைப் பிம்பிசாரன் பிடித்துவிட்டான். கோசலத்தையும் வஜ்ஜியையும் அவன் மகன் அஜாதசத்ரு முறியடித்துவிட்டான். அவந்தி சிசுநாகனிடம் வீழ்ந்தது. மிச்சமிருந்த அரச வம்சங்களை மகாபத்ம நந்தன் ஒழித்தான் என்று புராணங்களே பட்டியல் போடுகின்றன. சந்திரகுப்தன் கைப்பற்றியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய இயந்திரத்தை.

சாணக்கியனின் பெயரில் உள்ள அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி நம் கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவரிடமிருந்து மைசூர் நூலகத்துக்குப் போனது. சாமசாஸ்திரி அதை அச்சிட்டது 1909இல். அது ஒருவர் எழுதியதல்ல, இன்றைய வடிவம் மௌரியர்களுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்பதே இன்று பல ஆய்வாளர்களின் முடிவு. சந்திரகுப்தனின் தலைநகரில் தங்கியிருந்த மெகஸ்தனிஸின் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பகுதிகளில் சாணக்கியன் என்றொரு ஆளே இல்லை.

அப்படியானால் பதினாறு எப்படி ஒன்றாயின? கங்கையும் சோணையும் மகதத்துக்குப் படகு வழிகளாக இருந்தன. தெற்கே இரும்பும், காட்டில் யானையும், வயலில் நெல்லும் இருந்தன. இதெல்லாம் பாடநூலில் இருக்கிறது. ஆனால் எதிரில் இருந்தவர்கள் ஏன் தோற்றார்கள் என்பதைப் பாடநூல் கேட்பதில்லை. அதற்கு வஜ்ஜியைப் பார்க்க வேண்டும்.

வஜ்ஜி முடியாட்சி அல்ல, கணசங்கம். வைசாலியில் லிச்சவி குலத்தவர் மன்றத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்த ஊரில் 7,707 ராஜாக்கள் இருந்ததாக ஜாதகக் கதை சொல்லும். அஜாதசத்ரு அவர்கள்மீது படையெடுக்க நினைத்தபோது, தன் பார்ப்பன அமைச்சன் வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டான் என்கிறது மகாபரிநிப்பான சுத்தம். புத்தர் முதலில் வஸ்ஸகாரனைப் பார்த்துப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற ஆனந்தரிடம் கேள்விகள் கேட்டார்: வஜ்ஜியர் அடிக்கடி கூடுகிறார்களா, ஒன்றாகக் கூடி ஒன்றாகக் கலைகிறார்களா, பெண்களை வன்முறையாகத் தூக்கிச் செல்லாமல் இருக்கிறார்களா என்று ஏழு கேள்விகள். இவை நிலைக்கும்வரை அவர்களுக்கு வீழ்ச்சி இல்லை என்றார். வஸ்ஸகாரனுக்குப் புரிந்துவிட்டது: இவர்களைப் போரால் வெல்ல முடியாது, உள்ளுக்குள் பிளக்க வேண்டும்.

அந்தப் பிளவு நடந்த விதத்தைச் சொல்வது பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட பாலி உரை. நடந்ததை அப்படியே பதிந்த ஆவணம் அல்ல அது. ஆனாலும் ஒரு மன்றம் எப்படிச் சாகும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அஜாதசத்ரு துரத்திவிட்டதாக நாடகமாடி வஸ்ஸகாரன் வைசாலிக்கு வருகிறான். சிலர் எச்சரித்தும் அவனைச் சேர்த்துக்கொண்டு பதவியும் கொடுக்கிறார்கள். அவன் ஒரு லிச்சவியைத் தனியே அழைத்து, "வயலில் உழவு நடக்கிறதா?" என்பதுபோல் ஒன்றுமில்லாத கேள்வி ஒன்றைக் கேட்கிறான். "என்ன கேட்டார்?" என்று மற்றவர்கள் விசாரித்தால் அவன் உள்ளதைத்தான் சொல்கிறான். யாரும் நம்புவதில்லை. இன்னொருவனிடம், "நீ ஏழையாமே, அவர் சொன்னார்" என்கிறான். வேறொருவனிடம், "நீ கோழையாமே" என்கிறான். மூன்று ஆண்டில் இரண்டு பேர் ஒரே தெருவில் சேர்ந்து நடக்காத நிலை வந்துவிட்டது. அஜாதசத்ருவின் படை வந்தபோது வைசாலியில் முரசு அறைந்தார்கள். "பெரிய மனிதர்கள் போகட்டும், வீரர்கள் போகட்டும்" என்று சொல்லி அவரவர் வீட்டில் இருந்துவிட்டார்கள். திறந்து கிடந்த வாசல் வழியாக மகதம் உள்ளே நுழைந்தது.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் கணசங்கங்களை "பண்டைய இந்திய ஜனநாயகம்" என்று கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் என் கேள்வி எளிது. அந்த 7,707 பேரின் வயலை உழுதது யார்? பாலி நூல்கள் தாச-கம்மகரர் என்று சொல்லும் அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் அந்த மன்றத்தில் இடமில்லை. 'ஏழையாமே' என்ற ஒரு சொல் ஒரு லிச்சவியை உடைக்கப் போதுமாக இருந்ததென்றால், ஏழையாக இருப்பதையே இழிவாகக் கருதிய சமூகம் அது. வஸ்ஸகாரன் புதிதாக விஷம் எதையும் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் கிளறிவிட்டான். மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கோ, முரசு கேட்டு ஓடிவந்து காப்பாற்ற அந்த ஊரில் சொந்தமாக என்ன இருந்தது?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது இதைத்தான். இந்தியாவில் குடியரசுகள் இருந்தன, பிக்கு சங்கங்களுக்கு நாடாளுமன்ற நடைமுறை தெரிந்திருந்தது என்று நினைவூட்டினார். அது நம் கையைவிட்டுப் போனது என்றும் சொன்னார். அதே உரையில்தான், சாதி இருக்கும்வரை இங்கே தேசம் என்ற ஒன்று உருவாகாது என்றும் எச்சரித்தார். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் வைசாலியை அரைகுறையாகப் படித்தவர்கள்.

இன்னொரு பக்கம், நந்தர்களை 'நம் ஆட்கள்' என்று தூக்கிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். புராணங்கள் மகாபத்மனைச் சூத்திரப் பெண்ணின் மகன் என்கின்றன. ரோமானிய எழுத்தாளர் கர்டியஸ் நாவிதரின் வாரிசு என்கிறார். சத்திரியர் அனைவரையும் ஒழித்தவன் என்று புராணம் அவனைப் பற்றிப் புலம்புகிறது. முதல் பேரரசைக் கட்டியவனை அவன் பிறப்புக்காகவே ஒரு மரபு இழித்து, அந்தப் பெருமையைப் பார்ப்பன அமைச்சனின் கணக்கில் எழுதிக்கொண்டது. இந்தத் திருட்டை நாம் அம்பலப்படுத்தியே ஆக வேண்டும்.

அதற்காக நந்தன் விடுதலை தந்தவன் ஆகிவிடமாட்டான். கலிங்கத்தில் நந்தராஜன் வெட்டிய கால்வாயைப் பற்றி ஹாத்திகும்பாக் கல்வெட்டு பேசுகிறது. கங்கையடியில் மறைத்த நந்தரின் செல்வம் மாமூலனாரின் அகநானூற்றுப் பாட்டு வரை எட்டியிருக்கிறது. அந்தச் செல்வம் யார் வயலிலிருந்து வந்தது? இரண்டு லட்சம் காலாட்படை, மூவாயிரம் யானை என்று கர்டியஸ் எழுதும் படைக்கு யார் சோறு போட்டார்கள்? அரியணையில் இருந்தவனின் பிறப்பு மாறியது. உழுதவனின் நிலை மாறவில்லை. அந்தப் படையையும் வரிவசூலையும் மௌரியர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அரியலூர் மாவட்டத்தில் எங்கள் ஊரில் கிராம சபைக்குத் தண்டோரா போடுவார்கள். காலனித் தெருவுக்கு அந்தச் சத்தம் வருவதில்லை. கையெழுத்து வாங்க மட்டும் நோட்டு வரும். நாளை அந்தச் சபையின் அதிகாரத்தை மேலே உள்ள எவனோ பிடுங்கிக்கொண்டால், "நம் ஊர் உரிமை போச்சே" என்று கூப்பிடுவார்கள். அப்போது காலனியிலிருந்து யாரும் வரவில்லை என்றால் அதில் வியக்க என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு வகுப்பில் பதினாறு பெயரை ஒப்பிக்கச் சொல்லப் போவதில்லை. வைசாலி மன்றத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்று கேட்கப் போகிறேன். தேர்வில் அந்தக் கேள்வி வராது. அதனால்தான் அதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.