12,850 ரூபாய் எங்கே போனது?

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த ஆண்டு பி.காம். முடித்த வாசகி ஒருவர், தான் எழுதிய வேலை விண்ணப்பக் கடிதத்தை அனுப்பி, "சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டிருந்தார். கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலை. 'பெயர்பெற்ற தங்கள் நிறுவனத்தில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்', 'கடின உழைப்பாளி', 'டாலி, ஜிஎஸ்டி நன்கு தெரியும்' என்றெல்லாம் எழுதியிருந்தார். பிழை ஏதுமில்லை. ஆனால் அதே கடிதத்தை அவருடைய வகுப்பில் யார் வேண்டுமானாலும் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

இத்தகைய நிறுவனத்தில் கடிதத்தைப் பிரிப்பவர் பெரும்பாலும் முதலாளியே. பில் போடுவது, பார்ட்டி பாக்கியைப் பார்ப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, ஆடிட்டருக்கு விவரம் அனுப்புவது எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டியிருக்கும். வந்து உட்காரும் பிள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்றாவது கைவந்திருக்கிறதா என்றுதான் அவர் தேடுவார்.

அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "மாமா ஹார்டுவேர் கடையில பேங்க் கணக்கு டேலி பண்ணிக் கொடுத்தேன் சார், அதெல்லாம் எழுதலாமா?" என்றார். அதைத்தான் எழுத வேண்டும்.

நடந்தது இது, தொகைகளை மட்டும் மாற்றித் தருகிறேன். கடைப் புத்தகத்தின்படி வங்கியில் இருக்க வேண்டியது 1,84,200 ரூபாய். வங்கி அறிக்கையில் இருந்ததோ 1,71,350. வித்தியாசம் 12,850. இந்தத் தொகையிலேயே ஒரு பதிவு இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. மூன்று விஷயங்கள் கூடியும் கழிந்தும் வந்த எண் அது. டாலியில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே வங்கி அறிக்கையில் உள்ள தேதியை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டு பதிவுகளுக்குத் தேதி கிடைக்கவில்லை. வங்கியில் போட்டு இன்னும் பணமாகாத காசோலை 18,000. கடை கொடுத்து, வாங்கியவர் இன்னும் வங்கியில் போடாத காசோலை 6,500. மறுபுறம், வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் 1,350 புத்தகத்தில் ஏறவே இல்லை. 1,84,200-இல் 18,000 கழித்து, 6,500 கூட்டி, 1,350 கழித்தால் 1,71,350.

மூன்றில் எதற்குப் புதிதாகப் பதிவு போட்டீர்கள் என்று கேட்டேன். "கட்டணத்துக்கு மட்டும்தான். மத்த ரெண்டும் செக் பாஸானா தானா சரியாயிடும்" என்றார். டாலி தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தெரியாதவர்கள் வித்தியாசத்தைச் 'சஸ்பென்ஸ்' கணக்கில் தள்ளி, கணக்கு நேரானதாகக் காட்டிவிடுவார்கள். அடுத்த மாதம் அது இன்னும் பெரிதாக வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். மாமா கடையின் இருப்புத் தொகையோ வாடிக்கையாளர் பெயரோ கடிதத்தில் வரக் கூடாது. ஒரு கடையின் கணக்கை வெளியே சொல்பவரை இன்னொரு கடைக்காரர் பெட்டிச் சாவியருகே விடமாட்டார்.

'ஜிஎஸ்டி நன்கு தெரியும்' என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறார். ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை. விற்றவர் தம் ரிட்டர்னில் காட்டாத பில் 2பி-யில் வராது, அதற்கான வரி வரவையும் எடுக்க முடியாது. அந்த பில்லைக் கண்டுபிடித்து விற்றவரிடம் கேட்பதே உதவியாளரின் வேலை. அவ்வளவு தெரிந்தால் போதும், அதை உள்ளபடி எழுதலாம்.

அவர் திருத்தி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"உறவினர் கடையில் மூன்று மாதங்களின் வங்கிக் கணக்கை டாலியில் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கான காரணங்களை எழுதிக் கொடுத்தேன். விடுபட்ட வங்கிக் கட்டணங்களைப் பதிவு செய்தேன். கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு, வராத பில்களைப் பட்டியலிட்டேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலும் சம்பளப் பட்டியலும் இதுவரை செய்ததில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். சரவணம்பட்டியில் வசிக்கிறேன். அடுத்த திங்கட்கிழமையே பணியில் சேர முடியும்."

'செய்ததில்லை' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று தயங்கினார். வேண்டாம் என்றேன். முதல் வாரத்திலேயே எப்படியும் தெரிந்துவிடப் போவது அது. முன்பே சொன்னால், சொல்லிக் கொடுக்க வேண்டியது எது என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கும்.

சிறு தொழில் நடத்தும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அனுபவம் உள்ளவர் தேவை' என்று மட்டும் விளம்பரம் கொடுக்காதீர்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யார் சொல்லிக் கொடுப்பார் என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். இந்தப் பெண்ணைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்