'அம்மாவுக்குப் பதில் நான் கையைத் தூக்கலாமா?' - ஆண்டுக் கூட்ட நோட்டீஸில் கவனிக்க வேண்டியவை

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலி. மகன் கோவையில் வேலை. சங்கத்திலிருந்து 'ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம்' என்று ஒரு தாள் வருகிறது. "அம்மாவால ஏறி இறங்க முடியாது, அவங்களுக்குப் பதிலா நான் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்" என்கிறார் மகன். மலையில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது.

அவரால் முடியுமா? அந்தச் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பொறுத்தது. எனவே நோட்டீஸ் கையில் கிடைத்ததும் தலைப்பில் இருக்கும் பதிவு எண்ணையும் சட்டத்தின் பெயரையும் முதலில் பாருங்கள்.

கூட்டுறவு என்றால் நேரில்தான்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் பலர் இன்கோ தொழிற்சாலைகளில் உறுப்பினர்கள். 1962-ல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவு தேயிலைத் தொழிற்சாலைதான் இவற்றில் முதலாவது. இவற்றுக்கெல்லாம் இணையமாக 1965-ல் வந்ததுதான் குன்னூரில் இருக்கும் இன்ட்கோசர்வ். இவை தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ன் கீழ் வருபவை.

கூட்டுறவில் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஓட்டுதான். அதையும் உறுப்பினரே நேரில் வந்து போட வேண்டும். தனிநபர் உறுப்பினர் தனக்குப் பதில் ஆள் அனுப்ப முடியாது. ஒரு சங்கமே இன்னொரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் மட்டும் தன் பிரதிநிதியை அனுப்பலாம். ஆக, அம்மா இன்கோ உறுப்பினர் என்றால் மகன் ஜீப் வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் அங்கே செல்லாது.

ஊர் நலச் சங்கம் என்றால் துணை விதி பேசும்

ஊர் நலச் சங்கம், குடியிருப்போர் சங்கம், நூலகம், விளையாட்டு கிளப் போன்றவை பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவானவை. இங்கே பதிலாளை, அதாவது பிராக்ஸியை, அனுமதிப்பதும் அனுமதிக்காததும் துணை விதிகளைப் பொறுத்தது. துணை விதியில் பிராக்ஸி பற்றி எதுவும் இல்லையென்றால், 'இருக்கும்' என்று நீங்களே நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அனுமதி உண்டு என்றால் நோட்டீஸில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். பதிலாள் சங்கத்தின் உறுப்பினராகவே இருக்க வேண்டுமா, ஒருவர் எத்தனை பேருக்குப் பதிலாளாக இருக்கலாம், படிவத்தை எப்போதுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பவைதான் அவை. கம்பெனிச் சட்டத்தில் இருக்கும் '48 மணி நேரத்துக்கு முன்' என்ற கெடுவைப் பல சங்கங்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் ஞாயிறு காலை பத்தரை மணிக் கூட்டத்துக்கு, வெள்ளி காலை பத்தரைக்குள் படிவம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தன்று வாசலில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

படிவத்தில் உறுப்பினர் பெயர், உறுப்பினர் எண், பதிலாள் பெயர், எந்தத் தேதிக் கூட்டம், கையெழுத்து இவ்வளவும் வேண்டும். பெயர் எழுதாத வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். "நாங்க பாத்துக்கிறோம்" என்று வீடு வீடாக வாங்கிப்போகும் படிவங்களில் பிறகு யார் பெயர் ஏறும் என்று உங்களுக்குத் தெரியாது. கொடுத்துவிட்டீர்களா? கூட்டத்துக்கு நீங்களே நேரில் போய் ஓட்டுப் போட்டால் பொதுவாக அந்தப் படிவம் செல்லாமல் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு ஊர்ச் சங்கத்தில் 180 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். துணை விதிப்படி கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 பேர். மழை நாள், பாதையில் மண் சரிவு. நேரில் வந்தவர்கள் 52 பேர். பிராக்ஸி படிவங்கள் 14.

கோரம் இருக்கிறதா? துணை விதியில் 'நேரில் வந்த உறுப்பினர்கள்' என்று இருந்தால் 52 பேர்தான் கணக்கு. கோரம் இல்லை. 'நேரிலோ பதிலாள் மூலமோ' என்று இருந்தால் 66. கோரம் உண்டு. ஒரே ஒரு சொல் கூட்டம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கோரம் இல்லையென்றால் வழக்கமாக அரை மணி நேரம் காத்திருந்து கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். ஒத்திவைத்த கூட்டத்துக்கு கோரம் தேவையில்லை என்று பல துணை விதிகள் சொல்கின்றன. இங்கேதான் உறுப்பினர்கள் அசந்துவிடுகிறார்கள். முதல் கூட்டத்தில் 52 பேர் கலைந்து போக, அடுத்ததில் 15 பேர் உட்கார்ந்து முடிவெடுத்துவிடலாம். ஒத்திவைத்த கூட்டம் எந்த நாள், எத்தனை மணி என்பது நோட்டீஸின் கடைசி வரிகளில் இருக்கும். அதையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

இப்போது கோரம் 66 என்றே வைத்துக்கொள்வோம். துணை விதியை மாற்றும் தீர்மானம் வருகிறது. இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூட்டத்தில் நேரிலோ, அனுமதி இருந்தால் பதிலாள் மூலமோ இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. 66-ல் அது 49.5, எனவே 50 ஓட்டு. 48 பேர் ஆதரித்தால் பெரும்பான்மைதான், ஆனாலும் தீர்மானம் தோற்றது.

இந்த வகைத் தீர்மானத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். 'சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்படும்' என்று நோட்டீஸிலேயே சொல்லியிருக்க வேண்டும். 28-ம் தேதிக் கூட்டத்துக்கு 7-ம் தேதி நோட்டீஸ் கொடுத்தால் கேட்பதற்கு 21 நாள் போலத் தெரியும். கொடுத்த நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு எண்ணினால் 20 நாள்தான். இரண்டையும் விட்டு எண்ணுவதே சங்கத்துக்குப் பாதுகாப்பு, அதற்கு 6-ம் தேதியே கொடுத்திருக்க வேண்டும். தபால் தாமதமாகச் சேரும் ஊர்களுக்கு இன்னும் சில நாள் முன்னதாக அனுப்புவதே நியாயம். உறை வந்தால் தபால் முத்திரைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

கடைசிப் பொருளைக் கவனியுங்கள்

நிகழ்ச்சி நிரலில் முந்தைய கூட்டக் குறிப்பு, ஆண்டறிக்கை, தணிக்கை செய்த வரவு செலவு, தணிக்கையாளர் நியமனம், தேர்தல் என்று வரிசையாக வரும். முடிவில் 'தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்' என்று ஒரு வரி. தெருவிளக்கு, தண்ணீர் தொட்டி போன்ற சின்ன விஷயங்களுக்கான இடம் அது.

சமுதாயக் கூடத்தை நீண்ட குத்தகைக்கு விடுவது, சந்தாவை உயர்த்துவது, துணை விதியைத் திருத்துவது இவையெல்லாம் அந்த வரியில் திடீரென்று எழுந்தால் எதிர்ப்புச் சொல்ல உங்களுக்குக் காரணம் உண்டு. 'இந்தப் பொருள் நோட்டீஸில் இல்லை. வராத உறுப்பினர்களுக்கு இது தெரியாது' என்று சொல்லி, உங்கள் ஆட்சேபத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும், குறிப்பேட்டில் ஏறியது நிற்கும்.

கோவை மகனுக்கு வருவோம். இன்கோ கூட்டம் என்றால் அம்மாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். ஊர்ச் சங்கக் கூட்டம் என்றால் இன்றே செயலாளரிடம் துணை விதியின் நகலைக் கேளுங்கள். பதிலாள் உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தால் உங்கள் பெயரை எழுத முடியாது. அம்மா நம்பும் பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவரின் பெயரை அம்மா கையாலேயே எழுதி, எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.