பயிற்சிக்குப் போன டீச்சர் ஏன் முழங்கால் வலியோடு என்கிட்ட வரணும்?

போன மாசம் ஒரு டீச்சர் வந்தாங்க. 52 வயசு, தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு. ரெண்டு நாளா வலது முழங்கால் வீங்கி, படி இறங்க முடியலை. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். "உடற்கல்விப் பயிற்சி சார். புடவையோட தவளைத் தாவல் தாவ வெச்சாங்க" என்றார்.

அது காலையில். மதியம் ஹாலில் உட்கார வைத்து, ஹேண்ட்பால் கோர்ட் நீளம் 40 மீட்டர், அகலம் 20 மீட்டர் என்று திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "எங்க ஸ்கூல் மைதானமே அதுல பாதிதான் சார். அதுலயும் நடுவுல ஒரு வேப்ப மரம், ஒரு கை பம்பு."

அவங்களுக்கு முழங்காலுக்கு மருந்து எழுதினேன். அந்தப் பயிற்சிக்கு எழுத வேண்டிய சீட்டு இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிடறேன். "உடற்கல்வி ஆசிரியரை நியமிக்கச் சொல்லுங்க டாக்டர், எதுக்கு வகுப்பு டீச்சர் தலையில கட்டுறீங்க?" என்று கமெண்ட் வரும். நியமிக்கணும், சந்தேகமே இல்லை. ஆனால் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்க. 6 முதல் 8 வகுப்பு வரைக்கும், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் என்று இருக்கிறது. 1 முதல் 5 வரைக்கும் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆக, ஆறு வயசுப் பிள்ளைக்கு ஓடவும் குதிக்கவும் எறியவும் சொல்லித் தரப்போவது கணக்கும் தமிழும் எடுக்கும் அதே டீச்சர்தான். அவருக்குத் தரும் ஒரே ஒரு நாளையாவது ஒழுங்காகத் திட்டம் போடுங்க என்பதுதான் என் சண்டை.

இந்தப் பயிற்சியைத் திட்டமிடுபவர்கள் டீச்சரை விளையாட்டு வீரராக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் கோளாறு. விதி, அளவு, ஃபவுல், தாவிக் காட்டுவது, எதுவும் அவருக்கு வேண்டாம். தாவிக் காட்ட வகுப்பிலேயே நாலு பிள்ளைகள் இருப்பார்கள். 36 பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய், எல்லாரையும் ஒரே நேரத்தில் அசைய வைத்து, அடிபடாமல் திரும்பக் கூட்டி வருவது எப்படி என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன்.

குலைகுலையா முந்திரிக்காய் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் ரொம்பப் பிடிச்ச ஆட்டம்தான். 36 பிள்ளைகளும் ஒரே வட்டமாக உட்கார்ந்தால், ஒரு சுற்றில் ஓடுவது ரெண்டே பேர். சுற்றி வந்து துணியைப் போட்டு, ஓடி, உட்கார்ந்து முடிக்க அரை நிமிஷம் ஆகுது. அதில் உண்மையான ஓட்டம் பத்து வினாடி என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் 60 சுற்று. சுற்றுக்கு ரெண்டு பேர் என்றால் 120 முறை. 36 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூணு தடவை சொச்சம். அதாவது, அரை மணி நேர விளையாட்டு வகுப்பில் ஒரு பிள்ளை ஓடியது அரை நிமிஷம். மிச்ச இருபத்தொன்பதரை நிமிஷம் கை தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

அதே ஆட்டத்தை ஆறு ஆறு பேராக ஆறு வட்டமாகப் பிரிங்க. பந்து வேண்டாம், காசு வேண்டாம், ஆறு துணி போதும். இப்போ ஆளுக்கு இருபது தடவை வரும், மூணு நிமிஷத்துக்கு மேல் ஓடுவார்கள். ஆறு மடங்கு. (வட்டத்தைக் கொஞ்சம் அகலமாகப் போடச் சொல்லுங்க, இல்லேன்னா ரெண்டு எட்டில் சுத்தி வந்துடுவாங்க.) இதுவும் குறைவுதான். லாக் அண்ட் கீ ஆட்டத்தில் பிடிக்கிறவர்களாக நாலு பேரை விட்டு, ஒரு நிமிஷம் ஓட்டம் அரை நிமிஷம் ஓய்வு என்று பத்து முறை ஆடினால், பதினைந்தே நிமிஷத்தில் ஏறக்குறைய பத்து நிமிஷம் எல்லாருக்கும் ஓட்டம். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பள்ளியின் பங்கு என்ன என்பது, பிள்ளைகளை எப்படி நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் பயிற்சி நாளின் முதல் ஒரு மணி நேரம் இந்த எண்ணிக்கைக்குத்தான். பயிற்சி நடக்கும் பள்ளியின் பிள்ளைகள் விளையாடட்டும். ஒவ்வொரு டீச்சரும் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்க்கணும், கையில் கடிகாரம். அசையும் நேரத்தை மட்டும் குறிச்சுக்கணும். பாதிப் பேர் நல்லா ஓடுற பிள்ளையைப் பாருங்க, பாதிப் பேர் ஓரமா நிக்கிற பிள்ளையைப் பாருங்க. முடிவில் ரெண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும், நான் பேச வேண்டியதே இல்லை.

இந்த எண்ணிக்கையில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். "அவுட்" ஆனால் உட்காரும் ஆட்டங்களில், ரொம்ப நேரம் உட்காருவது யார்? மெதுவாக ஓடும் பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவனைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம்! அவுட் ஆனவன் ஓரமாகப் போய் அஞ்சு முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரட்டும். ரெண்டு கேப்டன் நின்று ஆள் பொறுக்குவதையும் விட்டுடுங்க. கடைசியாக நிற்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, பாடம் எடுத்துப் பழகுவது. இதற்கு ரெண்டு மணி நேரம். ஒரு டீச்சர், பன்னிரண்டு பிள்ளைகள், பத்து நிமிஷம். மற்றவர்கள் பார்க்கிறார்கள். நாலஞ்சு பேர் குழுவாக இருந்தால் எல்லாருக்கும் ஒரு முறையாவது வாய்ப்பு வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லையைக் கல்லோ சாக்பீஸ் பொடியோ வைத்துக் காட்டணும். விசில் அடிச்சா அந்த இடத்திலேயே நிற்கணும் என்று ஆட்டமாகவே ரெண்டு முறை பழக்கணும். டீச்சர் நடுவில் நிற்காமல் ஓரத்தில் நிற்கணும், நடுவில் நின்றால் முதுகுக்குப் பின்னால் பாதி வகுப்பு. பந்தை இதெல்லாம் முடிந்த பிறகுதான் கையில் எடுக்கணும். முன்னாடியே பந்தைக் காட்டிவிட்டால் அப்புறம் கடவுளே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

பத்து நிமிஷப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தால் போதும். குதித்து இறங்குவதா? சத்தம் கேட்குதான்னு மட்டும் பாருங்க. "பூனை மாதிரி, சத்தம் வரக்கூடாது" என்று சொன்னால் முழங்காலைத் தானாக மடக்கி இறங்குவார்கள். அதுக்கு எந்தப் பட்டமும் வேண்டாம். எறிவதா? வலது கையால் எறியும் பிள்ளை இடது காலை முன்னால் வைக்கிறதா என்று மட்டும் பாருங்க. பிடிப்பதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்குக் கை சரியில்லை என்று அர்த்தமில்லை, பந்துக்குப் பயப்படுது. செய்தித்தாளைச் சுருட்டி நூல் சுற்றிய பந்து கொடுங்க, பயம் போயிடும். டென்னிஸ் பந்து அப்புறம் பார்க்கலாம்.

இனி என் துறை. மதியம் 45 நிமிஷம். டீச்சர்கள் உண்மையில் தயங்குவது ஆட்டம் தெரியாததால் இல்லை. "ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தானே கேப்பாங்க?" நியாயமான பயம். அதற்கு மருத்துவ விரிவுரை வேண்டாம். ஆள் நடிச்சுக் காட்டி, ரெண்டு மூணு சம்பவத்தைப் பழகினால் போதும்.

ஒன்று, இளைப்பு. ஓடும்போது இல்லை, ஓடி நிறுத்திய சில நிமிஷத்தில் ஒரு பிள்ளை விடாமல் இருமுகிறது, மூச்சில் விசில் சத்தம். இது "பழக்கமில்ல, அதான் மூச்சு வாங்குது" கிடையாது. நிமிர்த்தி உட்கார வையுங்க, படுக்க வைக்காதீங்க. அந்தப் பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த நீல இன்ஹேலர் பையில் இருந்தால் ஸ்பேசரோடு கொடுங்க. பேச முடியாமல் திணறினால், இன்ஹேலருக்குப் பிறகும் அடங்காவிட்டால், 108. இன்னொன்றும் சொல்லணும்: ஆஸ்துமா பிள்ளையை விளையாட்டிலிருந்து நிரந்தரமாக ஒதுக்கி வைக்கச் சொல்லி எந்த டாக்டரும் சீட்டு எழுதக்கூடாது. ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலர் எடுக்கணுமா என்று கேட்டு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தருவது எங்க வேலை.

ரெண்டாவது, கை ஊன்றி விழுந்த பிள்ளை. முழங்கை வீங்கி, கையை அசைக்க விடாது. நம்ம ஊரில் உடனே ஒருத்தர் ஓடி வருவார், "சுளுக்குதான், நீவி விட்டா சரியாயிடும்". விடாதீங்க! இந்த வயதில் அது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவாக இருக்கலாம், பக்கத்திலேயே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுது. இழுக்காமல், நேராக்காமல், இருக்கும் நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி அனுப்புங்க. விரல் வெளுத்துச் சில்லென்று இருந்தால் அவசரம். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீங்க, மயக்க மருந்து தேவைப்படலாம்.

மூணாவது வெயில். அதைப் பெரிசாகப் பேச வேண்டாம்: உடற்கல்வி பீரியடை முதல் பீரியடுக்கோ கடைசி பீரியடுக்கோ மாற்றச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் அன்றே பேசுங்க. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை யார் என்று கேட்டுவிட்டு வெளியே கூட்டிப் போங்க.

கடைசி ஒரு மணி நேரம் பேனாவும் பேப்பரும். தன் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், மைதானம் எந்த வடிவம், மரம் எங்கே, பம்பு எங்கே, பந்து எத்தனை என்று வரைந்து, அடுத்த நாலு வாரத்துக்கு வாரம் ரெண்டு பாடம் எழுதணும். எட்டே பாடம். ஒரு மாசம் கழித்து அரை நாள் மறுபடி கூடணும், எது நடந்தது எது சொதப்பியது என்று பேச. இந்த அரை நாள் இல்லாவிட்டால் முதல் நாள் வீண். இதைத்தான் எல்லாரும் செலவு மிச்சம் என்று வெட்டுகிறார்கள்.

இதில் எங்கேயாவது டீச்சர் தவளை மாதிரித் தாவினாரா?

பயிற்சிக்கு ஆணை வந்திருக்கும் டீச்சர்கள் யாராவது படிச்சா, நடத்துபவர்களுக்கு முந்தின நாளே போன் போட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. அன்னிக்குப் பிள்ளைங்க இருப்பாங்களா? எத்தனை மணி நேரம் ஹாலுக்கு வெளியே? சனிக்கிழமைன்னு சொன்னா, வேலை நாளுக்கு மாத்தச் சொல்லுங்க. பிள்ளையே இல்லாத மைதானத்தில் பழகுவது நோயாளியே இல்லாத வார்டில் நான் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி.

அந்த டீச்சருக்கு முழங்கால் வீக்கம் வத்திடுச்சு. அடுத்த வாரம் ரிவ்யூ. அந்தக் கை பம்பைச் சுற்றி எல்லை எப்படிப் போடறதுன்னு வரைஞ்சு எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க.